மேடம்கிட்ட ரெஃபரன்ஸ் லெட்டர் கேக்கணும், என்னன்னு சொல்லி கேக்கறது?

கேள்வி: சார், 2022ல கும்பகோணத்துல பிஎஸ்சி கெமிஸ்ட்ரி முடிச்சேன், இப்ப நாகப்பட்டினத்துல ஒரு வாட்டர் டெஸ்டிங் லேப்ல வேலை பாக்குறேன். ஜெர்மனில வாட்டர் சம்பந்தமா எம்எஸ்சிக்கு அப்ளை பண்றேன், ஜனவரி 15 கடைசி தேதி, ரெண்டு ரெஃபரன்ஸ் லெட்டர் கேக்குறாங்க. வேதாரண்யம் பக்கம் போர்வெல் தண்ணில உப்பு பாக்குற ப்ராஜெக்ட்டுக்கு கைடா இருந்த மேடம் இப்ப திருச்சி பக்கம் டிரான்ஸ்ஃபர்ல போயிட்டாங்க, பேசி மூணு வருஷம் ஆச்சு. என்னை ஞாபகம் இருக்குமான்னே தெரியல. எப்படி கேக்கறது, என்னென்ன சொல்லணும்?

பதில்:

மேடமுக்கு உங்க முகம் ஞாபகம் இருக்கும்மா, அத பத்தி பயப்படாதீங்க. ஆனா விவரம் ஞாபகம் இருக்காது, அதுதான் இங்க பிரச்சனையே. நான் டெல்டாவுலதான் ரொம்ப வருஷமா கெமிஸ்ட்ரி எடுக்குறேன், லெட்டர் கேட்டு வர்ற பசங்களுக்கு உக்காந்து எழுதிக் கொடுக்குற ஆளு, அதனால அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன். ஒரு பையன் வந்து "சார் ஒரு எல்ஓஆர் வேணும்"னு மட்டும் சொன்னா நான் என்ன எழுத முடியும், நல்ல பையன், ஒழுக்கமானவன், கடுமையா உழைப்பான், எதிர்காலம் சிறக்க வாழ்த்துறேன், அவ்வளவுதான். அது காண்டக்ட் சர்டிபிகேட். அத ஜெர்மனில படிக்கிறவங்களுக்கு அதுல ஒண்ணுமே கிடைக்காது. அதே பையன் "சார், தேர்ட் இயர் லேப்ல அந்த ரீடிங் செட் ஆகாம ரெண்டு நாள் உக்காந்திருந்தேனே"ன்னு ஒரு வரி எடுத்துக் கொடுத்தா போதும், எனக்கு மொத்தமும் கண்ணு முன்னாடி வந்துடும், ஒரு பக்கம் தானா எழுதிடுவேன். மேடம்கிட்ட மனசு இருக்கும், சரக்குதான் இருக்காது. அந்த சரக்க நீங்க கொண்டு போய் கொடுக்கணும்.

அதுலயும் நீங்க 2019-22 பேட்ச். 2020ல இருந்து கிளாஸ் பெரும்பாலும் ஆன்லைன்ல போன பேட்ச் இது, மேடம் உங்களை பாதி நாள் ஸ்க்ரீன்ல ஒரு எழுத்தாத்தான் பாத்திருப்பாங்க. அவங்க உங்களை நேர்ல, கை வேலையோட பாத்தது கடைசி வருஷ ப்ராஜெக்ட்லதான். அதனால நீங்க பேச ஆரம்பிக்க வேண்டிய இடமும் ப்ராஜெக்ட்தான்.

முதல்ல மெயில் போடாதீங்க. காலேஜ் மெயில தினம் திறந்து பாக்குற புரொபசருங்க நம்ம ஊர்ல கம்மி. வாட்ஸப்ல ஒரு மெசேஜ், அப்புறம் அவங்க சொல்ற நேரத்துல ஒரு போன், அவங்க சரின்னு சொன்ன பிறகு எல்லா விவரத்தோடயும் மெயில், இந்த வரிசைதான் எனக்கு தெரிஞ்சு வேலைக்கு ஆகுது. நம்பர் மாறியிருந்தா பழைய டிபார்ட்மென்ட் ஆபீஸ்லயோ, உங்களுக்கு அடுத்த பேட்ச் பசங்ககிட்டயோ கேளுங்க, கிடைச்சுடும். தமிழ்லயே எழுதலாம், லெட்டர்தான் இங்கிலீஷ்ல வேணும், கேக்கறது எந்த மொழில கேட்டா என்ன. மெசேஜ் கிட்டத்தட்ட இப்படி இருக்கட்டும்:

"வணக்கம் மேடம். நான் 2019-22 பிஎஸ்சி கெமிஸ்ட்ரி பேட்ச், பேரு இன்னது. கடைசி வருஷம் வேதாரண்யம் பக்கத்து போர்வெல் தண்ணில குளோரைடு பாக்குற ப்ராஜெக்ட் உங்ககிட்ட பண்ணினேன். இப்ப நாகைல ஒரு வாட்டர் டெஸ்டிங் லேப்ல இருக்கேன் மேடம். ஜெர்மனில தண்ணீர் சம்பந்தமான எம்எஸ்சிக்கு அப்ளை பண்றேன், அதுக்கு ஒரு ரெஃபரன்ஸ் லெட்டர் வேணும். என் லேப் வேலைய கூட நின்னு பாத்தவங்க நீங்கதான், அதனால உங்ககிட்ட கேக்குறேன். அப்ளிகேஷன் ஜனவரி 15ல முடியுது, லெட்டர் டிசம்பர் 20க்குள்ள கிடைச்சா ரொம்ப உதவியா இருக்கும். என்னைப் பத்தி விவரமா எழுத முடியும்னு உங்களுக்கு தோணினா சொல்லுங்க மேடம், வேலை நெருக்கடியா இருந்தாலும் தயங்காம சொல்லிடுங்க, நான் வேற ஏற்பாடு பண்ணிக்கிறேன். எப்ப போன் பண்ணினா உங்களுக்கு வசதி?"

இதுல கடைசிக்கு முந்தின வரிய பாத்து பயந்து வெட்டிடாதீங்க. முடியாதுன்னு சொல்ல ஒரு வழி விட்டு கேக்கறது மரியாதைக்காக மட்டும் இல்ல. ஞாபகமே இல்லாதவங்க, நேரம் இல்லாதவங்க, வேண்டாவெறுப்பா எழுதிக் கொடுக்குற நாலு வரி லெட்டர் உங்களுக்கு நல்லது பண்ணாது, அத விட அவங்க இப்பவே முடியலன்னு சொல்லிட்டா உங்களுக்கு வேற ஆள் பாக்க நாள் இருக்கும். "பாக்கலாம்மா"ன்னு இழுத்தா அதையும் முடியாதுன்னே எடுத்துக்கிட்டு மனசுக்குள்ள இன்னொருத்தர தயார் பண்ணி வச்சுக்கோங்க.

கௌரவ விரிவுரையாளர் யாராவது உங்களுக்கு லேப் எடுத்திருந்தா அவங்களையும் யோசிங்க. பதவி பேரு சின்னதுன்னு பசங்க அவங்கள விட்டுட்டு, தன்னை ஒரு தடவை கூட பாக்காத எச்ஓடிகிட்ட போய் நிக்கிறாங்க, எனக்கு அதுல உடன்பாடே கிடையாது. உங்களை தெரியாத பெரிய பதவிக்காரர் எழுதுறத விட உங்க கைய பாத்தவர் எழுதுறது எப்பவுமே கனம். உங்க ரெண்டாவது லெட்டர இப்ப வேலை பாக்குற லேப் ஹெட்கிட்ட வாங்கலாம், ஆனா அந்த யுனிவர்சிட்டி ரெண்டும் படிச்ச இடத்துல இருந்துதான் வேணும்னு கேக்குதான்னு கோர்ஸ் பக்கத்துல ஒரு தடவை பாத்துக்கோங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன், என்னென்ன சாதனைய சொல்லணும்னு கேட்டீங்களே அது. பசங்க இந்த இடத்துல என்ன பண்றாங்கன்னா பயோடேட்டாவ அப்படியே அனுப்பிடுறாங்க. மார்க்கு, டைப்ரைட்டிங் லோயர், என்எஸ்எஸ் கேம்ப், கோலப்போட்டில பரிசு, எல்லாம் சேந்து. மேடம் அதுல இருந்து எத எடுக்கணும்னு தெரியாம எல்லாத்தையும் ஒரு பத்தில வரிசையா எழுதி விட்டுடுவாங்க. மார்க்க மார்க்ஷீட் சொல்லும், சர்டிபிகேட்ட சர்டிபிகேட் சொல்லும், லெட்டர் சொல்ல வேண்டியது அது ரெண்டும் சொல்லாதது. அதாவது மேடம் தன் கண்ணால பாத்தது. நீங்க கொடுக்குற ஒவ்வொரு விஷயத்தையும் இந்த ஒரு கேள்விய வச்சு சலிச்சுப் பாருங்க, இத மேடம் நேர்ல பாத்தாங்களா? பாக்கலன்னா வேண்டாம். மூணு விஷயம் தேறினா தாராளம், ரெண்டு தேறினாலும் போதும்.

ஒரு உதாரணம் சொல்றேன், என்கிட்ட படிச்ச ஒரு பொண்ணு, அவளும் தண்ணி ப்ராஜெக்ட்தான். கரையோர கிராமத்து போர்வெல் தண்ணில குளோரைடு எவ்வளவுன்னு டைட்ரேஷன்ல பாத்தா, சில்வர் நைட்ரேட் ப்யூரெட்ல, பொட்டாசியம் குரோமேட் இண்டிகேட்டர், மஞ்சள் மாறி செங்கல் நிறம் எட்டிப் பாக்குற இடம் எண்ட் பாயிண்ட், உங்களுக்கு தெரிஞ்ச முறைதான். அவ முதல்ல எனக்கு எழுதிக் கொடுத்தது இப்படி: "தண்ணீர் தர ஆய்வுல ப்ராஜெக்ட் செய்தேன், ஏ கிரேடு வாங்கினேன், நல்ல ஆய்வக திறன் உண்டு." இத வச்சு நான் என்ன எழுதுறது, நல்ல ஆய்வக திறன் உண்டுன்னு நானும் திருப்பி எழுதணும், அவ்வளவுதான்.

நான் கூப்பிட்டு உக்கார வச்சு கேட்டேன், ஏம்மா அன்னைக்கு ஒரு வாரம் ரீடிங் குழப்பம் வந்துச்சே அது என்னன்னு எழுதுன்னு. அப்பத்தான் வந்துச்சு விஷயம். அவ ஒரு கிராமத்து சாம்பிள திரும்ப எடுத்து பாத்தப்ப முந்தின வாரத்த விட குளோரைடு கூட வந்துச்சு, இத்தனைக்கும் அது அதே பாட்டில்ல இருந்த அதே தண்ணி. கூட இருந்த பசங்க ரெண்டையும் கூட்டி சராசரி போட்டுடலாம்னாங்க. இவ போடல. சில்வர் நைட்ரேட் கரைசல யாரோ வெள்ளை பாட்டில்ல ஜன்னல் ஓரம் வச்சிருந்தத கவனிச்சா, வெளிச்சம் பட்டா அது கெட்டு வலு குறையும், வலு குறைஞ்சா ப்யூரெட்ல அதிகம் செலவாகும், செலவு கூடினா கணக்குல உப்பு கூடின மாதிரி தெரியும். உடனே புதுசா கரைச்சு, பழுப்பு பாட்டில்ல ஊத்தி, சுத்தமான சோடியம் குளோரைடு கரைசல வச்சு மறுபடி ஸ்டாண்டர்டைஸ் பண்ணி, அந்த வாரம் எடுத்த அத்தனை சாம்பிளையும் முதல்ல இருந்து ஓட்டினா. நான் பக்கத்துல நின்னு பாத்த விஷயம் இது, ஆனா அவ எடுத்துச் சொல்ற வரைக்கும் எனக்கு தலைப்பு கூட ஞாபகம் வரல.

இந்த ஒரு சம்பவத்த நான் லெட்டர்ல ஒரு பத்தியா எழுதினேன். திறமைசாலின்னு ஒரு வார்த்தை கூட அதுல போடல, போடவும் தேவைப்படல. தப்பான ரீடிங்க சராசரிக்குள்ள ஒளிக்காம காரணத்த தேடிப் போனவன்னு படிக்கிறவருக்கே புரிஞ்சுடும். லேப்ல ரிசர்ச் பண்ண ஆள் தேடுற ஒருத்தருக்கு இத விட என்ன வேணும்.

உங்க ப்ராஜெக்ட்லயும் இப்படி ஒண்ணு கண்டிப்பா இருக்கும், உக்காந்து யோசிங்க. மழை முடிஞ்சு எடுத்த சாம்பிளுக்கும் கோடைல எடுத்த சாம்பிளுக்கும் வித்தியாசம் வந்தப்ப மேடம்கிட்ட என்ன கேட்டீங்க, உப்பளம் பக்கத்து ஊருக்கும் உள்ள தள்ளி இருக்கிற ஊருக்கும் ஏன் ரீடிங் அப்படி மாறுச்சுன்னு நீங்களா ஏதாவது தேடினீங்களா, ப்ராஜெக்ட் புக்குல மேடம் சிவப்பு பேனால என்ன எழுதினாங்க, வைவால எந்த கேள்விக்கு நல்லா பதில் சொன்னீங்க. பழைய ப்ராஜெக்ட் புக்கு, லேப் நோட்டு வீட்டு பரண்ல இருந்தா இறக்கிப் பாருங்க, ஞாபகம் அங்கதான் இருக்கு. கிடைச்ச பக்கத்த ஒரு போட்டோ எடுத்து மேடமுக்கும் அனுப்புங்க, அவங்க கையெழுத்து போட்ட பக்கத்த அவங்களே பாக்கும்போது வர்ற ஞாபகம் வேற.

எழுதும்போது எண்ணோட எழுதுங்க. "நிறைய கிராமத்துல சாம்பிள் எடுத்தேன்"னு வேண்டாம், எத்தனை ஊரு, எந்த மாசம், எத்தனை சாம்பிள், அதுல எத்தனை குடிதண்ணிக்கு இந்திய தரக்கட்டுப்பாடு சொல்ற லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைட தாண்டுச்சு, எத்தனை ஆயிரத்தயே தாண்டுச்சு, இப்படி. எண்ணு புக்குல இருக்கிறதோட ஒத்துப் போகணும், மேடம் அத நம்பித்தான் கையெழுத்து போடுறாங்க. ப்ராஜெக்ட்ட ரெண்டு பேரா சேந்து பண்ணியிருந்தா எது உங்க வேலை எது கூட்டாளி வேலைன்னு பிரிச்சு சொல்லிடுங்க, அவங்களும் நாளைக்கு இதே மேடம்கிட்ட லெட்டர் கேப்பாங்க.

இன்னொண்ணு, நிறைய யுனிவர்சிட்டி ஃபார்ம்ல புரொபசருக்கு ஒரு கட்டம் வரும், நீங்க பாடம் எடுத்த பசங்கள்ல இவங்க எந்த இடம்னு, முதல் அஞ்சு சதவீதமா, பத்தா, இருபத்தஞ்சான்னு டிக் அடிக்கணும். மேடம் ஆயிரம் பிள்ளைங்கள பாத்திருப்பாங்க, திடீர்னு கேட்டா எப்படி சொல்லுவாங்க. உங்க கிளாஸ்ல எத்தனை பேர், நீங்க மொத்தத்துல எத்தனாவது, கெமிஸ்ட்ரி பேப்பர்ல எத்தனாவதுன்னு தெரிஞ்சா அத மட்டும் ஒரு வரில எழுதிடுங்க. எந்த கட்டத்துல டிக் அடிக்கணும்னு நீங்க சொல்லாதீங்க, அது அவங்க தீர்ப்பு.

அடுத்து எதுக்கு லெட்டர்ன்றது. "ஃபாரின்ல எம்எஸ்சி"ன்னு சொன்னா போதாது. கோர்ஸ் பேரு, யுனிவர்சிட்டி பேரு, கோர்ஸ் பக்கத்துல என்ன மாதிரி ஆள் வேணும்னு சொல்லியிருக்காங்களோ அந்த பத்தி, இத அப்படியே எடுத்து அனுப்புங்க. ஃபீல்டுல போய் சாம்பிள் எடுக்கிற வேலை அதிகம்னு அந்த கோர்ஸ்ல போட்டிருந்தா மேடம் உங்க ஃபீல்டு வேலைய முதல்ல எழுதுவாங்க, கணக்கு, மாடலிங்னு போட்டிருந்தா நீங்க எக்செல்ல டேட்டா போட்டு கிராஃப் எடுத்தத எழுதுவாங்க. அதே சம்பவம்தான், எது முன்னாடி வரணும்ன்றது மாறும். வேலைக்கு கேக்குற லெட்டரா இருந்தா இதே மேடம் நேரத்துக்கு வர்றது, சொன்னத முடிக்கிறது, கூட்டா வேலை செய்யறது இதுக்கு இடம் கொடுப்பாங்க, அதனால எதுக்குன்னு தெரியாம எழுதின லெட்டர் எதுக்கும் பொருந்தாம போயிடும்.

நீங்க யுனிவர்சிட்டிக்கு எழுதுற எஸ்ஓபியோட டிராஃப்ட்டையும் சேத்து அனுப்பிடுங்க, அரைகுறையா இருந்தாலும் பரவாயில்ல. நீங்க அதுல கரையோரத்துல கடல் நீர் உள்ள வர்றத பத்தி படிக்கணும்னு எழுதியிருப்பீங்க, மேடம் லெட்டர்ல இவளுக்கு மருந்து கம்பெனில ஆர்வம்னு எழுதிட்டா ரெண்டும் முட்டும். 2022ல இருந்து இன்னைக்கு வரைக்கும் என்ன பண்ணினீங்கன்னு நாலு வரி கொடுங்க. அத அவங்க பாக்கல, சாட்சி சொல்ல முடியாது, ஆனா தெரிஞ்சிருந்தா இங்க கத்துக்கிட்ட வேலையத்தான் இப்ப தொழிலா செய்யறான்னு ஒரு வரி சேக்க முடியும், மூணு வருஷ இடைவெளிய பாத்து படிக்கிறவங்க யோசிக்காம இருப்பாங்க.

தேதி விஷயம். ஜனவரி 15ன்னா என்னன்னு யோசிச்சீங்களா, பொங்கல்மா அது. போகி, பொங்கல், மாட்டுப்பொங்கல்னு அந்த வாரமே காலேஜ் கிடையாது, ஆபீஸ் பூட்டு, லெட்டர்பேடும் சீலும் உள்ள மாட்டிக்கும், மேடமும் ஊருக்கு போயிருப்பாங்க. அதுக்கு முன்னாடி பாத்தா நவம்பர்ல செமஸ்டர் எக்ஸாம், அத ஒட்டி பேப்பர் திருத்துற வேலை, நடுவுல கிறிஸ்துமஸ் லீவு. மழைய பத்தி டெல்டாக்காரங்களுக்கு சொல்லவே வேண்டாம், 2018 நவம்பர் 16ல கஜா அடிச்சப்ப வேதாரண்யம் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லாம கிடந்துச்சு, அந்த மாதிரி ஒண்ணு வந்தா லெட்டர் எல்லாம் யாருக்கு ஞாபகம் வரும். அதனாலதான் மெசேஜ்ல டிசம்பர் 20ன்னு போட்டேன், ஆறு வாரம் முன்னாடி, அதாவது நவம்பர் முதல் வாரத்துலயே கேட்டுடுங்க, எக்ஸாம் நெருக்கத்துக்கு முன்னாடி அவங்க காதுல விழுந்துடணும்.

சில பேர் அவசரப்படுத்துறதுக்காக கடைசி தேதியே டிசம்பர் 20னு பொய் சொல்றாங்க, அது வேண்டாம். போர்ட்டல்ல இருந்து மேடமுக்கு போற மெயில்லயே நிஜ தேதி இருக்கும், பாத்தா அவங்களுக்கு மனசு கசக்கும். ரெண்டு தேதியையும் சொல்லுங்க, கடைசி தேதி இது, நடுவுல பொங்கல் லீவு வருது மேடம் அதனால இந்த தேதிக்குள்ள கேக்குறேன்னு. காரணம் நியாயமா இருந்தா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. ஜெர்மனி நேரம் குளிர்காலத்துல நம்ம நேரத்துக்கு நாலரை மணி பின்னாடி, அவங்க ராத்திரி 12ன்னா நமக்கு விடியகாலை நாலரை, அந்த கூடுதல் நேரத்த நம்பி எந்த வேலையும் வைக்காதீங்க, கடைசி ராத்திரி போர்ட்டல் திறக்கவே திணறும்.

லெட்டர் எந்த வழியா போகணும்னு முன்னாடியே பாத்து வச்சுக்கோங்க, இதுல ரெண்டு வகை. ஒண்ணு, கையெழுத்து போட்ட லெட்டர ஸ்கேன் பண்ணி நீங்களே பிடிஎஃப்பா ஏத்தறது. இன்னொண்ணு, நீங்க மேடமோட மெயில் ஐடிய போர்ட்டல்ல கொடுத்தா அவங்களுக்கு நேரா ஒரு லிங்க் போகும், அவங்களே ஏத்தணும், லெட்டர் உங்க கண்ணுல படாது. ரெண்டாவது வகைலதான் நம்ம ஊர் பசங்க அதிகம் மாட்டுறாங்க. பழைய காலேஜ் ஐடிய கொடுத்துடுறாங்க, டிரான்ஸ்ஃபர் ஆனவங்களுக்கு அது செத்துப்போன ஐடி, லிங்க் எங்கயோ போய் விழும், மேடம் வரல வரலன்னு இருப்பாங்க, நீங்க அனுப்பியாச்சு அனுப்பியாச்சுன்னு இருப்பீங்க. போன்ல பேசும்போதே இப்ப எந்த ஐடிய பாக்குறீங்க மேடம்னு கேட்டு எழுத்து எழுத்தா குறிச்சுக்கோங்க. சில யுனிவர்சிட்டி காலேஜ் ஐடிதான் வேணும், ஜிமெயில் கூடாதுன்னு சொல்லும், மேடம்கிட்ட ஜிமெயில் மட்டும்தான் இருக்குன்னா அட்மிஷன் ஆபீசுக்கு முன்கூட்டியே ஒரு மெயில் போட்டு என்ன செய்யலாம்னு கேளுங்க, அரசு கல்லூரில நிலைமை இப்படின்னு சொன்னா லெட்டர்பேடுல வாங்கி அனுப்பச் சொல்ற மாதிரி ஏதாவது வழி சொல்லுவாங்க. லிங்க் அனுப்பின அன்னைக்கே மேடமுக்கு ஒரு மெசேஜ், மேடம் லிங்க் வந்திருக்கும், இல்லன்னா ஸ்பாம்ல ஒரு தடவை பாருங்கன்னு.

மேடம் பேர்ல நீங்களே ஒரு ஜிமெயில் திறந்து நீங்களே ஏத்திடுறது நடக்குது, மேடமே கூட "நீயே போட்டுடும்மா"ன்னு நல்ல மனசுல சொல்லலாம். செய்யாதீங்க. அது வேற ஒருத்தர் பேர்ல போலியா அனுப்புறது, பிடிபட்டா அட்மிஷன் போயிடும், சேந்த பிறகு தெரிஞ்சாலும் போயிடும், மேடம் பேரும் கெடும்.

டிரான்ஸ்ஃபர் ஆனதால எந்த லெட்டர்பேடுன்னு குழப்பம் வரும். இப்ப வேலை பாக்குற காலேஜ் லெட்டர்பேடுல எழுதி, முதல் பத்திலயே நான் இன்ன வருஷத்துல இருந்து இன்ன வருஷம் வரைக்கும் கும்பகோணத்துல அந்த காலேஜ்ல பாடம் எடுத்தேன், 2021-22ல இவங்க ப்ராஜெக்ட்டுக்கு கைடா இருந்தேன்னு சொல்லிட்டா போதும், பழைய காலேஜ் சீலுக்காக யாரும் அலைய வேண்டாம். கீழ பதவி, போன், மெயில், தேதி, கையெழுத்து. ரிட்டையர் ஆனவரா இருந்தா வெள்ளை பேப்பர்ல ஓய்வுன்னு குறிப்பிட்டு எழுதலாம், பழைய லெட்டர்பேட எடுத்து எழுதறது சரியில்ல.

இப்ப நம்ம ஊர்ல எல்லாரும் சந்திக்கிற ஒண்ணு: "நீயே அடிச்சு எடுத்துட்டு வாம்மா, கையெழுத்து போட்டுத் தர்றேன்." மேடம் சோம்பேறித்தனத்துல சொல்லல, இங்கிலீஷ்ல அந்த மாதிரி லெட்டர் எழுதி பழக்கமில்லாம இருக்கலாம், நேரமும் இருக்காது. ஆனா நீங்க எழுதினா உங்க எஸ்ஓபில இருக்கிற அதே வாக்கியம், அதே வார்த்தை லெட்டர்லயும் வந்து உக்காந்துடும், ரெண்டு லெட்டரையும் நீங்களே எழுதினா ரெண்டும் ஒரே குரல்ல பேசும், நூத்துக்கணக்குல படிக்கிறவங்க கண்ணுல அது உடனே பட்டுடும். அதோட உங்களைப் பத்தி நீங்களே எழுதும்போது ஒண்ணு கூச்சப்படுவீங்க இல்ல ஏத்திவிடுவீங்க.

அப்படி சொன்னா நான் சொல்லிக் கொடுக்கிற வழி இது. "மேடம், பத்து நிமிஷம் போன்ல நீங்க சொல்லுங்க, நான் குறிச்சுக்கிறேன்"னு கேளுங்க. மூணே கேள்வி: என்னை முதல்ல எதுல கவனிச்சீங்க, என் ப்ராஜெக்ட்ல உங்களுக்கு பிடிச்சது எது, நான் இன்னும் எதுல தேறணும்னு நினைச்சீங்க. தமிழ்ல அவங்க பேசறத அப்படியே எழுதி, அத மட்டும் இங்கிலீஷ்ல மாத்தி வேர்ட் ஃபைலா அவங்களுக்கு அனுப்புங்க, பிடிஎஃப் வேண்டாம், திருத்த முடியணும். அவங்க திருத்தி, அவங்க ஐடில இருந்து அவங்களே அனுப்பட்டும். வார்த்தை அவங்களோடது, தட்டச்சு மட்டும் உங்களோடது. மூணாவது கேள்விய விட்டுடாதீங்க, "ஆரம்பத்துல செமினார்ல பேச ரொம்ப தயங்கினா, கடைசில வைவால நல்லா பேசினா"ன்னு ஒரு வரி வந்தா அந்த லெட்டருக்கே ஒரு நம்பிக்கை வந்துடும், குறையே இல்லாத மனுஷன யாரு நம்புவா.

மெயில்ல கடைசியா என்னென்ன போகணும்னா, ஒரு பக்கத்துல உங்க விவரமும் அந்த ரெண்டு மூணு சம்பவமும், கோர்ஸ் பக்கத்துல இருந்து எடுத்த அந்த பத்தி, எஸ்ஓபி டிராஃப்ட், மார்க்ஷீட், ப்ராஜெக்ட் புக்கோட முதல் பக்கமும் முடிவு பக்கமும். அதுக்கு மேல அனுப்பினா திறக்க மாட்டாங்க. மெயில் தலைப்புலயே உங்க பேரு, பேட்ச், டிசம்பர் 20 மூணும் இருக்கட்டும், பின்னாடி தேடினா கிடைக்கும்.

ஞாபகப்படுத்தறதுக்கு தயங்காதீங்க, அத எதிர்பாக்குறவங்கதான் நாங்க. டிசம்பர் 12 வாக்குல ஒரு மெசேஜ், "மேடம், லெட்டருக்கு வேற ஏதாவது விவரம் வேணுமா"ன்னு, குத்திக் காட்டாம கேக்குற வழி அதுதான். 18ஆம் தேதி ஒரு போன். 20 தாண்டியும் வரலன்னா கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னாடி ஒரு நாள் நாகைல இருந்து பஸ் ஏறி காலேஜுக்கே போயிடுங்க, போறதுக்கு முன்னாடி அன்னைக்கு காலேஜ் இருக்கா, மேடம் இருப்பாங்களான்னு கேட்டுக்கிட்டு போங்க. நேர்ல போய் நின்னா லெட்டர்பேடு, சீல், கையெழுத்து எல்லாம் ஒரே மத்தியானத்துல முடியும். ஜனவரி 2 வரைக்கும் ஒண்ணும் நடக்கலன்னா மனசுல வச்சிருந்த அந்த இன்னொருத்தர்கிட்ட போயிடுங்க, மேடம்கிட்டயும் சொல்லிடுங்க, ரெண்டு பேரும் உக்காந்து எழுதிட்டு இருக்கக் கூடாது.

போர்ட்டல்ல லெட்டர் வந்து சேந்துச்சுன்னு காட்டினதும் மேடமுக்கு சொல்லுங்க, அவங்க ஏத்தினது போச்சா இல்லையான்னு அவங்களுக்கு தெரியாது. அப்படியே லெட்டரோட வேர்ட் ஃபைல பத்திரமா வச்சுக்க சொல்லுங்க, நீங்க இன்னொரு யுனிவர்சிட்டிக்கும் போடுவீங்க, அப்ப கோர்ஸ் பேரும் தேதியும் மட்டும் மாத்தினா ஆச்சு. அந்த பேர மாத்த மறந்து, பழைய யுனிவர்சிட்டி பேரோடயே லெட்டர் போறதும் நடக்குது, அதனால ரெண்டாவது தடவை கேக்கும்போது புது யுனிவர்சிட்டி பேர மெசேஜ்ல தனி வரியா, சரியான ஸ்பெல்லிங்கோட அனுப்பிடுங்க.